தனக்குத் தானே அனுப்பும் செய்தியை நினைவூட்டும் குறிப்பேடாக வைத்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அலுவலகத்தில் சிலருக்கு இந்த வழக்கத்தைக் காட்டிக் கொடுத்த நாளிலிருந்து, அவர்களும் அவர்கள் வீட்டாரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கீழே உள்ளவை பெரும்பாலும் டெலிகிராம் செயலியைப் பற்றியவை. அதற்கான காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் எனக்கு நானே மெசேஜ் போட்டு வைக்கிறேன். ஆனால் அது எனக்கு ஞாபகப்படுத்துவதே இல்லையே?

ஞாபகப்படுத்தாது. 2022 நவம்பரில் வாட்ஸ்அப் கொண்டுவந்த, உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளும் உரையாடல், எழுதியதை எழுதிய இடத்தில் வைத்திருக்கும் ஒரு தாள் மட்டுமே. அனுப்புபவரும் பெறுபவரும் ஒருவரே என்பதால் அங்கே அனுப்பியவுடன் எந்த ஒலியும் எழாது, அறிவிப்பும் வராது. மளிகைப் பட்டியலையோ ஒரு முகவரியையோ போட்டுவைத்து, நீங்களாக நினைத்துக்கொண்டு திறந்து பார்க்க அது போதும். மறந்துபோனதைத் தானாக எடுத்துச் சொல்லும் வேலை அதனுடையது அல்ல.

டெலிகிராமில் “Saved Messages” என்ற பெயரில் இதே போன்ற உரையாடல் இருக்கிறது. அதில் சாதாரணமாக அனுப்பினால் அங்கும் ஒலி வராது. ஆனால் 2019 முதல் அங்கே ஒரு செய்தியை எழுதி, அது வந்து சேர வேண்டிய நாளையும் நேரத்தையும் குறித்துவிட முடிகிறது. குறித்த நேரத்தில் அந்தச் செய்தி, வேறு யாரோ அனுப்பியதைப் போல ஒலியுடன் உங்கள் கைபேசியில் வந்து விழும். இந்த ஒரு வசதிக்காகவே நான் குறிப்புகளை அங்கே எழுதுகிறேன். மற்றவர்களோடு பேசுவதெல்லாம் வழக்கம்போல வாட்ஸ்அப்பில்தான்.

அந்த Saved Messages எங்கே இருக்கிறது? என் போனில் கண்ணில் படவே இல்லை.

டெலிகிராமைத் திறந்து, உரையாடல் பட்டியலுக்கு மேலே உள்ள தேடல் பெட்டியில் `Saved Messages` என்று தட்டச்சு செய்யுங்கள். முதலிலேயே வந்து நிற்கும். ஐபோனில் “Settings” பக்கத்திலும் இதே பெயரில் இருக்கும். ஒருமுறை கண்டுபிடித்தவுடன் அதைப் பட்டியலின் தலையில் “Pin” செய்துவிடுவது நல்லது. தேடி எடுக்க வேண்டிய குறிப்பேட்டில் யாரும் இரண்டாவது வாரம் எழுதுவதில்லை.

நேரம் குறிப்பது எப்படி? ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்.

Saved Messages உரையாடலைத் திறந்து, வழக்கமாகச் செய்தி எழுதும் பெட்டியில் குறிப்பை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அனுப்பும் அம்புக்குறியைத் தட்டாமல், விரலை அதன்மேல் ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள். “Set a Reminder” என்ற வரி எழும்பும். அதைத் தொட்டால் நாள், மணி, நிமிடம் ஆகியவற்றை உருட்டித் தேர்ந்தெடுக்கும் சக்கரம் வரும். தேர்ந்தெடுத்த பிறகு கீழே உள்ள நீலப் பொத்தானில் அந்த நாளும் நேரமும் எழுத்தில் தெரியும். அதைத் தொட்டால் வேலை முடிந்தது. கணினியில் செய்வதானால், அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாக அனுப்பும் பொத்தானின் மேல் சுட்டியின் வலப்பக்கத்தைச் சொடுக்க வேண்டும்.

தடுமாற்றம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நேர்கிறது. முதலாவது, பழக்கத்தினால் அம்புக்குறியைத் தட்டிவிடுவது. அப்போது குறிப்பு உடனே போய் அமர்ந்துகொள்ளும், நேரம் எதுவும் பதிவாகாது. அப்படி ஆனால் அந்த வாசகத்தை நகலெடுத்து மறுபடி பெட்டியில் ஒட்டி, இம்முறை அழுத்திப் பிடித்தால் போதும். இரண்டாவது, மாலை ஆறு மணி என்று நினைத்துக் காலை ஆறு மணியை வைத்துவிடுவது. நீலப் பொத்தானில் இருக்கும் நேரத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொடுங்கள். என் மாமியாருக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது நான் வலியுறுத்திய ஒரே விதி இதுதான். அவர் இன்றும் “நாளைக்குப் பதினெட்டு மணி” என்று உரக்கப் படித்துவிட்டுத்தான் தொடுகிறார்.

போட்டாச்சு. ஆனால் திரையில் எதுவும் காணோமே, எங்கே போயிற்று?

நேரம் குறிக்கப்பட்ட குறிப்புகள், நேரம் வரும்வரை மற்றக் குறிப்புகளோடு கலக்காமல் தனியறையில் காத்திருக்கும். ஒன்றாவது காத்திருந்தால், எழுதும் பெட்டியின் ஓரத்தில் நாட்காட்டி போன்ற ஒரு சிறு சின்னம் தோன்றும். அதைத் தொட்டால் “Reminders” என்ற தலைப்பில், காத்திருப்பவை எல்லாம் நாள் வரிசையில் தெரியும்.

அங்கே ஒரு குறிப்பை அழுத்திப் பிடித்தால், நேரத்தை மாற்றலாம், வாசகத்தைத் திருத்தலாம், நீக்கலாம், காத்திருக்காமல் உடனே வரவழைக்கவும் செய்யலாம். ஞாயிறு மாலையில் இந்தப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். தேவையற்றுப் போனவை அங்கேயே களையப்படுவதால், வார நடுவில் வீண் ஒலிகள் குறைகின்றன.

அந்த நேரத்தில் என் போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தால்? நெட் இல்லாவிட்டால்?

இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றப் பாதி ஐயங்கள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன. கைபேசியில் உள்ள அலாரம், கைபேசிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடிக்கும். டெலிகிராமில் நீங்கள் குறித்த நினைவூட்டலோ அந்த நிறுவனத்தின் சேவையகத்தில் காத்திருக்கிறது. நேரம் வந்ததும் சேவையகம் அதை உங்கள் கணக்குக்கு அனுப்புகிறது. ஆகவே குறித்த நேரத்தில் உங்கள் கைபேசி அணைந்திருந்தாலும் குறிப்பு தொலைந்துபோகாது. கைபேசி மறுபடி இணையத்தைப் பிடிக்கும்போது வந்து சேரும். ஆனால் தாமதமாகத்தான் வரும். இணையம் இல்லாத மலைப்பாதைப் பேருந்தில் இருக்கும்போது மூன்று மணிக்கு வர வேண்டியது, கீழே இறங்கி ஐந்து மணிக்கு வந்தால் பயனில்லாமல் போகலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. குறிக்கும் நேரத்திலும் இணையம் வேண்டும். இணைப்பு இல்லாதபோது நேரம் குறித்தால், அந்தக் குறிப்பின் அருகே ஒரு கடிகாரச் சின்னம் நின்றுகொண்டிருக்கும். அது இன்னும் சேவையகத்தைச் சேரவில்லை என்று பொருள். அந்தச் சின்னம் மறையும்வரை, குறித்துவைத்ததாகவே எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இந்த அமைப்பினால் ஒரு நன்மையும் இருக்கிறது. கைபேசி உடைந்து புதியது வாங்கினாலும், அதே எண்ணில் டெலிகிராமுக்குள் நுழைந்தவுடன் காத்திருக்கும் நினைவூட்டல்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அலுவலகக் கணினியில் குறித்தது வீட்டில் கைபேசியில் ஒலிப்பதும் இதனால்தான்.

“கரண்ட் பில்” என்று இரண்டு வார்த்தை போட்டால் போதாதா? எதற்கு நீளமாக எழுதச் சொல்கிறீர்கள்?

எழுதும்போது உங்களுக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது. ஒலிக்கும்போது எதுவும் நினைவில் இருக்காது. பதினைந்து நாள் கழித்து, பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது “கரண்ட் பில்” என்று வந்தால், எந்த வீட்டுக்கு, எவ்வளவு, கடைசி நாள் என்றைக்கு என்று தேட வேண்டியிருக்கும். தேட வேண்டியிருந்தால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று அறிவிப்பைத் தள்ளிவிடுவோம்.

ஆகவே, அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டே வேலையை முடித்துவிடும்படி எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: “அம்மா வீட்டு மின்கட்டணம், ரூ. 1,140, நுகர்வோர் எண் மீட்டர் அட்டைப் படத்தில், கடைசி நாள் 26. இப்போதே கட்டு.” முதல் இரண்டு சொற்களிலேயே என்ன வேலை என்பது தெரிய வேண்டும், ஏனென்றால் பூட்டிய திரையில் அறிவிப்பின் தொடக்கம் மட்டுமே தெரியும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் எழுதுவதன் பகுதிதான். வேலை செய்ய வேண்டிய நாளை மட்டும் யோசிக்காமல், அந்த வேலையைச் செய்யக் கையும் இடமும் சும்மா இருக்கும் நேரத்தை யோசியுங்கள். வங்கிக்குப் போக வேண்டியதை இரவு ஒன்பது மணிக்கு நினைவூட்டினால், நிம்மதி கெடுவதைத் தவிர வேறு பயனில்லை. மருந்துக்கடையில் வாங்க வேண்டியது, நீங்கள் அலுவலகத்தைவிட்டுக் கிளம்பும் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒலிக்கட்டும்.

ரயில் முன்பதிவு மாதிரி நாள் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியதை எப்படிக் குறிப்பது?

ஒன்றை முழுவதுமாகச் செய்து காட்டுகிறேன். எழும்பூரிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெல்லை எக்ஸ்பிரஸில், 12631 என்ற எண்ணுள்ள வண்டியில், 2027 ஜனவரி 13 அன்று பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2024 நவம்பர் முதல், பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாள்களுக்கு முன்பிருந்துதான் பயணச்சீட்டு எடுக்க முடியும். ஜனவரியில் 13 நாள், டிசம்பரில் 31 நாள், ஆக 44. மீதி 16 நாளை நவம்பரின் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 14, சனிக்கிழமை வருகிறது. முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கும்; பண்டிகை நாள் வண்டியென்றால் சில நிமிடங்களிலேயே காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு நினைவூட்டல் போதாது என்பது என் அனுபவம். நான் மூன்று குறிப்பேன். நவம்பர் 13 இரவு எட்டு மணிக்கு: “நாளைக் காலை 8-க்கு 12631 முன்பதிவு. ஐ.ஆர்.சி.டி.சி. கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று இப்போதே நுழைந்து பார். பயணிகள் பட்டியலில் நான்கு பேரும் இருக்கிறார்களா?” நவம்பர் 14 காலை 7.40-க்கு: “கணினி முன் உட்கார். 13 ஜனவரி, எழும்பூர் – திருநெல்வேலி, 12631, மூன்றடுக்குக் குளிர்சாதனம், நான்கு பேர்.” அதே நாள் காலை 10 மணிக்கு: “திரும்பி வரும் வண்டிக்கு நாள் எண்ணிக் குறித்தாயா?”

அந்த மூன்றாவதுதான் பெரும்பாலோர் விட்டுவிடுவது. போகச் சீட்டுக் கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பி வருவதை மறந்து, பிறகு ஆம்னி பேருந்துக்கு அழுத கதைகள் எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு இரண்டாவது உண்டு.

வேறு ஒருவர் அனுப்பிய செய்தியையே எனக்கு நினைவூட்டலாக ஆக்க முடியுமா?

டெலிகிராமில் வந்த செய்தியானால், அதை Saved Messages-க்கு “Forward” செய்யுங்கள். அது நேரம் எதுவும் இல்லாமல் உடனே அங்கே போய்ச் சேரும். பிறகு Saved Messages-ஐத் திறந்து, அந்தச் செய்திக்கு “Reply” கொடுத்து, “இதற்குப் பதில் எழுது” என்று ஒரு வரி எழுதி, அந்த வரிக்கு மட்டும் நேரம் குறியுங்கள். குறித்த நேரத்தில் உங்கள் வரி வரும்போது அதன் தலையில் மூலச் செய்தி ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் நேராக அங்கே கொண்டுபோய்விடும்.

வாட்ஸ்அப்பில் வந்ததானால் வாசகத்தை நகலெடுத்து ஒட்டுவதுதான் எளிது. திருமணப் பத்திரிகை, பள்ளிச் சுற்றறிக்கை போன்ற படங்களானால், படத்தை Saved Messages-இல் இணைத்து, கீழே விளக்கத்தை எழுதி, அங்குள்ள அனுப்பும் பொத்தானையும் அதே போல அழுத்திப் பிடித்தால் படமும் நேரத்தோடு காத்திருக்கும். பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைத் தேடி வாட்ஸ்அப்பில் மூன்று மாதம் பின்னால் உருட்டும் வேலை இதனால் மிச்சமாகிறது.

மாதாமாதம் தானாக வருகிற மாதிரி போட முடியாதா?

நான் சங்கிலி போல ஒன்றிலிருந்து ஒன்றைக் கோத்துக்கொள்கிறேன். வாடகை நினைவூட்டல் ஒலித்ததும் வாடகையைச் செலுத்துவதற்கு முன்பாகவே, அந்த வாசகத்தை நகலெடுத்து அடுத்த மாதத்துக்கு நேரம் குறித்துவிடுவேன். பிறகுதான் பணம் அனுப்புவேன். செலுத்திய பிறகு குறித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் ‘பிறகு’ வருவதில்லை.

கையால் குறிப்பதில் ஒரு வசதியும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணக் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே தேதியில் நடப்பதில்லை, கட்டணம் செலுத்தும் கெடுவோ கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகஸ்ட் 6 அன்று கணக்கெடுத்தால் கெடு ஆகஸ்ட் 26. நான் 22-ஆம் தேதிக்குக் குறிப்பேன். அடுத்த முறை கணக்கெடுப்பு 9-ஆம் தேதி நடந்தால் குறிப்பும் அதற்கேற்ப நகரும். நிலையான தேதியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் எதுவும் இதற்குப் பொருந்தாது.

எத்தனை போடலாம்? எவ்வளவு நாள் தள்ளிப் போடலாம்?

ஒரே நேரத்தில் 100 காத்திருக்கலாம். ஓராண்டுக்கு அப்பால் குறிக்க முடியாது. பத்தாண்டுக் கடவுச்சீட்டு முடியும் நாளை இதில் குறிக்க நினைப்பவர்கள், அதை நாட்காட்டியில் எழுதிக்கொள்ளட்டும். நூறு என்ற எல்லையை எட்டுகிறீர்களானால், வேலைகளை நினைவூட்டல்களாகக் குவிக்கிறீர்கள் என்று பொருள். எனக்கு எந்த நேரத்திலும் பதினைந்துக்கு மேல் காத்திருப்பதில்லை.

நேரம் தாண்டிவிட்டது, குறிப்பும் வந்திருக்கிறது, ஆனால் சத்தமே வரவில்லை. ஏன்?

குறிப்பு உரையாடலில் வந்து அமர்ந்திருக்கிறது என்றால் சேவையகம் தன் வேலையைச் செய்துவிட்டது. பழுது உங்கள் கைபேசியில்தான் இருக்கிறது. முதலில் கைபேசியின் அமைப்புகளில் டெலிகிராமுக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், செயலியை நிறுவியவுடன் இந்த அனுமதியைக் கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தொட்டவர்கள் பலர். அடுத்து, “Do Not Disturb” அல்லது ஐபோனின் “Focus” நிலை அந்த நேரத்தில் இயங்கியதா என்று பாருங்கள்.

மூன்றாவது காரணம் மின்கலச் சிக்கனம். பல ஆண்ட்ராய்டு கைபேசிகள், நாம் சில நாள் திறக்காத செயலிகளை உறங்கவைத்துவிடுகின்றன. டெலிகிராமைக் குறிப்பேடாக மட்டும் பயன்படுத்துபவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது, ஏனென்றால் அவர்கள் அதை அடிக்கடி திறப்பதில்லை. செயலியின் பெயரை அழுத்திப் பிடித்து அதன் விவரப் பக்கத்துக்குப் போய், மின்கலப் பகுதியில் “Unrestricted” என்பதைத் தேர்ந்தெடுங்கள். “Force stop” கொடுத்து நிறுத்திய செயலிக்கு, நீங்களாக மறுபடி திறக்கும்வரை எந்த அறிவிப்பும் வராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கைபேசியைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் செயலிகளும் இதைச் செய்துவிடுவதுண்டு.

இவை எதுவும் இல்லையென்றால், அந்த நேரத்தில் கணினியில் டெலிகிராம் திறந்திருந்ததா என்று யோசியுங்கள். கணினியில் நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது கைபேசிக்கான அறிவிப்பு சற்றுத் தாமதமாக வரலாம். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு மூன்று நிமிடம் கழித்து ஒலிக்கும்படி “சோதனை” என்று ஒன்றைக் குறித்து, திரையைப் பூட்டி, கைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

தப்பான ஆளுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

போகும்; எனக்கே போயிருக்கிறது. ஒரு நண்பர் என்னிடம் வாங்கிய பணத்தை நினைவூட்டுவதற்காக, “இவனிடம் ஏழாயிரத்தை எப்படியாவது கேட்டு வாங்கு, இந்த முறையும் விட்டுவிடாதே” என்று எழுதி மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குறித்தேன். அந்த நேரத்தில் திரையில் திறந்திருந்தது அவருடைய உரையாடல். காலை ஒன்பது மணிக்கு அது சரியாக அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பணம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அதை ஒரு வழிமுறையாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

டெலிகிராமில் யாருடைய உரையாடலிலும் இதே முறையில் நேரம் குறித்து அனுப்ப முடியும் என்பதே இந்தத் தவறுக்கு இடம் கொடுக்கிறது. தப்பிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. அம்புக்குறியை அழுத்திப் பிடிக்கும்போது உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் “Set a Reminder” என்று வரும். மற்றவர் உரையாடலில் “Schedule Message” என்று வரும். “Schedule” என்ற சொல்லைப் பார்த்தால் விரலை எடுத்துவிடுங்கள். குறித்த பிறகு தெரிந்தாலும், நேரம் வருவதற்குள் அந்த உரையாடலிலேயே உள்ள நாட்காட்டிச் சின்னத்தைத் தொட்டு, மேலே நான்காவது பதிலில் சொன்னபடி நீக்கிவிடலாம். எதிரில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

சிங்கப்பூர் போகிறேன். இங்கே போட்டது அங்கே எத்தனை மணிக்கு வரும்?

நீங்கள் குறித்த கணம் மாறாது. அந்தக் கணத்தில் அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அந்த நேரத்தில் வரும். சென்னையில் இருக்கும்போது காலை 9 மணிக்கு என்று குறித்தது சிங்கப்பூரில் முற்பகல் 11.30-க்கு ஒலிக்கும், துபாயில் என்றால் காலை 7.30-க்கே ஒலித்துவிடும். ஊரில் இருப்பவரைக் குறிப்பிட்ட நேரத்தில் அழைக்க வேண்டியதற்கு இது பொருத்தமே. ஆனால் “காலையில் எழுந்ததும்” என்ற எண்ணத்தில் குறித்தவற்றை, போய் இறங்கிய அன்று Reminders பட்டியலைத் திறந்து நேரம் மாற்றிவிடுங்கள். அந்தப் பட்டியலில் நேரங்கள் கைபேசியின் அப்போதைய நேரப்படியே தெரியும் என்பதால் கணக்குப் போட வேண்டிய தேவையில்லை.

அப்பாவுக்கு மாத்திரை நேரத்துக்கு இதை வைக்கலாமா?

வேண்டாம். இது ஒரு செய்தி வந்ததற்கான ஒலி மட்டுமே. ஒருமுறை ‘டிங்’ என்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். எடுத்து நிறுத்தும்வரை விடாமல் அடிப்பது அலாரம்தான். அதோடு, ஐந்தாவது பதிலில் சொன்ன இணையத் தடையும், பதினோராவது பதிலில் சொன்ன உறக்கமும் சேர்ந்தால், ஒருநாள் வராமலே போகலாம். இரத்த அழுத்த மாத்திரையையும் அடுப்பில் இருக்கும் குக்கரையும் இதை நம்பி விடாதீர்கள்.

மாத்திரை தீர்ந்துபோவதற்கு நான்கு நாள் முன்னால் புதியது வாங்கச் சொல்வதற்கு இதை வைக்கலாம். மருந்துச் சீட்டின் படத்தையும் சேர்த்தே குறித்துவிட்டால், கடைக்காரரிடம் அந்தத் திரையையே காட்டிவிடலாம். இரண்டு மணி நேரம் முன்பின் ஆனாலும் கெடுதல் வராத வேலை எதுவோ, அதுவே இந்தக் குறிப்பேட்டுக்கு உரியது.

நான் எழுதுவதை வேறு யாராவது படிப்பார்களா?

உங்கள் நண்பர்கள் எவரும் பார்க்க முடியாது. ஆனால் டெலிகிராமின் சாதாரண உரையாடல்களும் Saved Messages-உம், அந்த நிறுவனமே படிக்க முடியாதபடி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. அவை சேவையகத்தில் இருப்பவை. கைபேசி மாறினாலும் எல்லாம் திரும்பக் கிடைக்கிறதே, அந்த வசதியின் விலை இதுதான். அதனால் ஏ.டி.எம். இரகசிய எண், வங்கிக் கடவுச்சொல், ஆதார் நகல் போன்றவற்றை அங்கே வைக்காதீர்கள். “வங்கிக் கடவுச்சொல்லை மாற்று” என்று எழுதலாம். கடவுச்சொல்லை எழுதக் கூடாது.

டெலிகிராமுக்குள் நுழைய உங்கள் எண்ணுக்கு வரும் குறியீட்டை எவராவது ஏமாற்றிப் பெற்றுவிட்டால், குறிப்பேடு முழுவதும் அவர் கையில் போய்விடும். “Privacy and Security” பகுதியில் “Two-Step Verification” என்பதை இயக்கி, ஒரு தனிக் கடவுச்சொல்லை வைத்துவிட்டால் அந்தக் குறியீடு மட்டும் போதாது. நடைமுறையில் பெரும்பாலோருக்கு நேரும் சங்கடம் இதைவிடச் சிறியது: மேசைமேல் கிடக்கும் கைபேசியின் பூட்டிய திரையில், எல்லோரும் பார்க்க, “மேலாளரிடம் சம்பள உயர்வு கேள்” என்று ஒளிரும். அறிவிப்பில் வாசகம் தெரியாமல் மறைத்துக்கொள்ளக் கைபேசியின் அமைப்பிலேயே வழி இருக்கிறது.

சத்தம் வருகிறது, பார்க்கிறேன், “சரி, அப்புறம்” என்று விட்டுவிடுகிறேன். மறுபடி மறந்துபோகிறது. இதற்கு என்ன செய்வது?

ஒலித்த குறிப்புக்கு மூன்றில் ஒன்று நடந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: உடனே செய்து முடித்து நீக்குவது, நகலெடுத்து வேறொரு நேரத்துக்குக் குறித்துவிட்டுப் பழையதை நீக்குவது, அல்லது இனி தேவையில்லை என்று நீக்குவது. பார்த்துவிட்டு அப்படியே விடுவது மட்டும் கூடாது. இப்படிச் செய்து வந்தால், Saved Messages-இல் கண்ணில் படும் நினைவூட்டல் எதுவானாலும் அது இன்னும் முடியாத வேலை என்பது உறுதியாகிவிடும். ‘இதைச் செய்தேனா, செய்யவில்லையா’ என்று யோசிக்க வேண்டியதில்லை. நெடுநாள் வைத்திருக்க வேண்டிய முகவரிகளையும் படங்களையும் இதனால்தான் நான் இங்கே வைக்காமல், வாட்ஸ்அப்பில் எனக்கு நானே எழுதிக்கொள்ளும் உரையாடலில் வைக்கிறேன்.

ஒரே குறிப்பை மூன்றாவது முறையாக ஒத்திவைக்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் அதன் வாசகத்தில்தான் கோளாறு இருக்கும். “பரண் சுத்தம் செய்ய வேண்டும்” என்று நான் ஐந்து ஞாயிறுகள் தள்ளிப்போட்டேன். ஆறாவது முறை, “பரணிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை மட்டும் கீழே இறக்கு, ஏணி மாடிப்படிக்கு அடியில்” என்று மாற்றி எழுதிக் காலை பத்தரைக்குக் குறித்தேன். ஒலித்தபோது கையில் காப்பி இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு ஏணியை எடுத்தேன்.